“எப்ப வரும் என் பணம்?”

(வங்கித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்காக நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். வங்கி நேர்முகத் தேர்வில் என்னென்ன கேட்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். அதற்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் ஓர் இடத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நடித்துக் காட்டச் சொல்லும் பகுதி அது.

இது எல்லா நேர்முகத்திலும் வராது. அரசு வங்கிகளில் கிளார்க் வேலைக்கு நேர்முகமே கிடையாது. எழுத்துத் தேர்வும் உள்ளூர் மொழித் தேர்வும்தான். அந்தப் பதவிக்கு இப்போது ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கவுண்டரில் முதல் திட்டை வாங்கப்போகிறவருக்கு நேர்முகம் இல்லை, உள்ளே கேபினில் உட்காரப்போகிறவருக்கு உண்டு. இது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. தேர்வில் நேர்முகம் 100 மதிப்பெண்ணுக்கு. பொதுப் பிரிவினர் அதில் 40 விழுக்காடாவது எடுக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு. தனியார் வங்கிகளும் வங்கிகளுக்காக வேலை செய்யும் கால் சென்டர்களும் வேறு மாதிரி. அங்கே எழுத்துத் தேர்வைவிட இந்த நடிப்புப் பகுதிக்கு மதிப்பு அதிகம். போனில் பேசும் வேலை என்றால் இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகு போட்டு உட்கார வைப்பதும் உண்டு. முகம் பார்க்காமல், குரலை மட்டும் வைத்து நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பார்ப்பதற்காக.

அரசு வங்கி நேர்முகத்தில் இது கேள்வியாகத்தான் தொடங்கும். “நீங்க பிராஞ்ச்ல ஆபீசர். ஒருத்தர் கத்திக்கிட்டே உள்ள வர்றார். என்ன செய்வீங்க?” என்பார்கள். நம் பிள்ளைகள் உடனே மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள்: பொறுமையாகக் கேட்பேன், அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பேன், மன்னிப்புக் கேட்பேன், தீர்வு காண்பேன். குழுவில் அனுபவமுள்ளவர் ஒருவர் இருந்தால் சும்மா விடமாட்டார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, நான்தான் அந்த ஆள். ஆரம்பிங்க” என்பார். ஒப்பித்ததெல்லாம் அந்த நிமிடத்தோடு காலி.

நடிப்பவரின் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதை முறையாக நடத்தும் இடங்களில் நடிப்பவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். அவருடைய புகார் அதில் எழுதியிருக்கும். கூடவே, தேர்வர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களும் இருக்கும். சீட்டு இல்லாத இடத்தில் அதை மனதுக்குள் வைத்திருப்பார். அந்த மறைந்த விஷயத்தை நீங்கள் கேட்டு வெளியே கொண்டுவருகிறீர்களா என்பதுதான் சோதனை. குரலைத் தேனாக்கிக்கொள்வதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒரு சீட்டை இங்கேயே பிரித்துக் காட்டுகிறேன். தையல் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்கு மேல். சனிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார். இயந்திரம் கடகடவென்று ஓடியது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் கழிந்துவிட்டதாக மெசேஜ் வந்துவிட்டது. இன்று திங்கட்கிழமை காலை. கூட்டம் நிறைந்த கிளைக்குள் கத்திக்கொண்டு நுழைகிறார். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, சனிக்கிழமை இரவே போன் செய்தபோது ‘24 மணி நேரத்தில் வந்துவிடும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு, புதன்கிழமை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள்.

முதலில், பெரும்பாலானவர்கள் செய்வதைப் பார்ப்போம்.

“என் காச எடுத்து வச்சுக்கிட்டு ஏமாத்துறீங்களா? பத்தாயிரம்! எங்க என் காசு?”

“சார், கொஞ்சம் அமைதியா இருங்க சார்.”

“நான் ஏன் அமைதியா இருக்கணும்? உன் காசா போச்சு?”

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார். எந்த ஏ.டி.எம். சார்? ஓ, அது எங்க ஏ.டி.எம். இல்ல சார். அந்த பேங்க்லதான் நீங்க போய்க் கேட்கணும்.”

இதோடு ஆட்டம் முடிந்தது. நடிப்பவர் இதற்கு மேல் கத்த வேண்டியதே இல்லை, எதிரில் இருக்கிறவர் தோற்றுவிட்டார். இதில் மூன்று தவறு இருக்கிறது. ‘அமைதியா இருங்க’ என்றால், கோபப்பட உனக்கு நியாயமில்லை என்றுதான் எதிராளியின் காதில் விழும். ‘புரியுது’ என்பதோ, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் வந்துவிட்டது. பெயரே கேட்கவில்லை, என்ன புரிந்திருக்கும்? மூன்றாவதுதான் பெரியது, அது விதியைப் பற்றிய தவறு. யார் ஏ.டி.எம்.மில் பணம் மாட்டினாலும், புகாரை வாங்கிக்கொள்ள வேண்டியது கார்டு கொடுத்த வங்கி. வாடிக்கையாளர் ஊர் ஊராகப் போய் அந்த ஏ.டி.எம். யாருடையது என்று தேட வேண்டியதில்லை. இப்படிச் சொன்ன தேர்வரைக் குழு மரியாதையாக அனுப்பிவைக்கும், மதிப்பெண் போடாது.

இன்னொரு வகைத் தேர்வர் உண்டு. அவரைப் பார்த்தால் நல்ல பிள்ளை மாதிரித்தான் தெரியும். “சார், கவலையே படாதீங்க, நாளைக்குள்ள உங்க அக்கவுண்ட்ல ஏறிடும், நான் கேரண்டி” என்பார். கோபம் அடங்கிவிடும். நடிப்பவரும் “சரிப்பா” என்று உட்கார்ந்துவிடுவார். தேர்வர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். இவருக்குத்தான் என் கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண். ஏனென்றால் சனிக்கிழமை இரவு போனில் ‘24 மணி நேரம்’ என்று சொன்ன ஆளும் இதே வேலையைத்தான் செய்தார். இன்றைய கோபத்தில் பாதி அவர் உண்டாக்கியது. கையில் இல்லாத தேதியை வாக்குக் கொடுப்பவர் இன்றைய கத்தலை நாளை மறுநாளுக்குத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவுதான். அந்த நாளில் கவுண்டரில் அவர் இருக்கமாட்டார், வேறு யாரோ இருப்பார்.

அப்படியானால் என்ன சொல்லலாம்? அதற்கு ஏ.டி.எம்.முக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

வேறு வங்கி ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டால், அந்த வேண்டுகோள் என்.பி.சி.ஐ. நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாக நம் வங்கிக்கு வருகிறது. நம் வங்கி கணக்கில் கழித்துவிட்டு ‘கொடு’ என்று பதில் அனுப்புகிறது. அதன் பிறகு இயந்திரத்தால் நோட்டைத் தள்ள முடியவில்லை என்றால் ‘கொடுக்கவில்லை, திருப்பிப் போடு’ என்று அது தகவல் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அனுப்பிவிடும், சில நிமிடங்களில் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். மின்சாரமோ தொடர்போ அந்த நொடியில் போய்விட்டால் அந்தத் தகவல் வந்து சேராது. நம் வங்கியைப் பொறுத்தவரை பணம் கொடுத்தாயிற்று, இயந்திரத்தைப் பொறுத்தவரை கொடுக்கவில்லை. பிறகு கணக்கு நேர்செய்யும்போது இது வெளிப்படும். இயந்திரத்தில் ஒவ்வொரு அசைவும் பதிவாகும் ஒரு மின்னணுக் குறிப்பு உண்டு, ஜர்னல் என்போம். அதைப் பார்ப்பார்கள். பெட்டியிலுள்ள பணத்தை எண்ணும்போது, கொடுக்காத பத்தாயிரம் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பணம் திரும்பும்.

இந்த வேலைக்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை அது. அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிவர்த்தனை நடந்த நாளைச் சேர்க்காமல் அடுத்த 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பிப் போட வேண்டும். காலண்டர் நாட்கள்தான், விடுமுறையைக் கழிக்க முடியாது. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்டால்தான் தருவோம் என்று இருக்கக் கூடாது, கேட்காமலே கணக்கில் போட வேண்டும்.

நம் தையல்காரருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை நடந்தது. ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் நான்கு, வியாழன் ஐந்து. வியாழக்கிழமைக்குள் பணம் வர வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து இழப்பீடு கணக்காகும். பணம் அதற்கடுத்த திங்கட்கிழமைதான் வந்தது என்றால் 400 ரூபாய் சேர்த்து வர வேண்டும்.

ஆனால் கல்லூரிக் கட்டணம் புதன்கிழமை. அதாவது விதியை எழுத்துப் பிசகாமல் சொன்னாலும் அவருடைய சிக்கல் தீராது. அந்தச் சீட்டை எழுதியவர் வேண்டுமென்றேதான் இந்த ஒரு நாள் இடைவெளியை வைத்திருக்கிறார். விதி தெரியாதவர் முதலிலேயே விழுந்துவிடுவார். விதியை மட்டும் தெரிந்தவர் இங்கே விழுவார்.

இப்போது நன்றாகச் செய்த ஒரு பெண்ணைப் பார்ப்போம். நான் பார்த்த பலரின் நல்ல அம்சங்களைச் சேர்த்துச் சொல்கிறேன், ஒரே ஆள் இல்லை.

“எங்க என் காசு? ஏமாத்துறீங்களா?”

“சார், எவ்வளவு பணம் சார்?”

“பத்தாயிரம்! கழிஞ்சிடுச்சு, ஆனா கைக்கு வரல!”

“பத்தாயிரம் கழிஞ்சிருக்கு, பணம் வரல. இப்படி உட்காருங்க சார், உடனே பார்த்துடறேன். மெசேஜ் வந்திருக்கா, காட்டுறீங்களா?”

அவர் உட்காராமல் மேஜையில் தட்டுகிறார். அந்தப் பெண் மறுபடி உட்காரச் சொல்லவில்லை, தானும் எழுந்து நின்றுகொண்டாள். இரண்டு பேரும் சமமாக நின்றார்கள். மெசேஜில் தேதி, நேரம், தொகை பார்த்தாள். ஸ்லிப் வந்ததா என்று கேட்டாள். பணம் வெளியே வரவே இல்லையா, கொஞ்சமாவது வந்ததா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது:

“இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?”

“சனிக்கிழமையே போன் பண்ணேனே! 24 மணி நேரத்துல வந்துடும்னான் ஒருத்தன். இன்னிக்குத் திங்கக்கிழமை!”

“அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சார். அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். விதிப்படி வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. அதைத் தாண்டினா ஒரு நாளைக்கு நூறு ரூபா பேங்க் உங்களுக்குத் தரணும். நீங்க கேட்க வேண்டியதே இல்ல.”

மன்னிப்பு எந்த இடத்தில் வந்தது என்று கவனியுங்கள். ‘நடந்த எல்லாவற்றுக்கும் வருந்துகிறோம்’ என்று பொத்தாம்பொதுவாக வரவில்லை. வங்கி நிச்சயமாகத் தவறு செய்தது ஒரே ஒரு இடத்தில், பொய்யான கெடு சொன்னதில். அதற்கு மட்டும் கேட்டாள். அதனால் அந்த மன்னிப்புக்கு எடை இருந்தது.

“வியாழக்கிழமையா? புதன்கிழமை பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்மா!”

பார்த்தீர்களா, ‘அம்மா’ வந்துவிட்டது. குரல் இறங்குவதற்கு இதுதான் அடையாளம். கோபம் போய்விட்டதா? இல்லை. ஆனால் இப்போது அவர் அவளோடு சண்டை போடவில்லை, தன் கவலையைச் சொல்கிறார்.

“புதன்கிழமைக்குள்ள வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது சார். சொல்லி நீங்க நம்பிட்டா கஷ்டம். இப்பவே கம்ப்ளெயிண்ட் பதிவு பண்ணி நம்பர் தர்றேன். அந்த அத்தாட்சியைப் பிரிண்ட் எடுத்து, சீல் போட்டுத் தர்றேன். காலேஜ்ல காட்டி ரெண்டு நாள் டைம் கேட்டுப் பாருங்க. கணக்குல மிச்சம் எவ்வளவு இருக்கு, பார்க்கலாமா?”

பணத்தை வரவழைக்கும் மந்திரம் அவளிடம் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஒரு தாளைக் கொடுத்தாள். அந்தத் தாள் கல்லூரியில் உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனால் வந்தவர் வெறுங்கையோடு போகவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘பணம் கண்டிப்பாக வந்துவிடும்’ என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. ஏனென்றால் சில சமயம் ஜர்னலில் ‘நோட்டு வெளியே போய்விட்டது’ என்றுதான் பதிவாகியிருக்கும். பணம் வெளிவரும் வாயில் எவனாவது தகட்டை வைத்து அடைத்திருப்பான். ஆள் போன பிறகு எடுத்துக்கொண்டு போயிருப்பான். அப்போது முதல் பார்வையில் புகார் தள்ளுபடியாகும். வாடிக்கையாளர் அந்த முடிவை ஏற்காமல், கேமரா பதிவைப் பார்க்கச் சொல்லி மேலே எழுத வேண்டியிருக்கும். இந்தச் சாத்தியம் தெரிந்தவர் ‘கேரண்டி’ என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்.

இங்கே குழு ஒரு குறுக்குக் கேள்வி போடும். நடிப்பவர் திடீரென்று, “எனக்குத் தெரியாது, நான் ஏ.டி.எம்.முக்கே போகல, காசு போயிருக்கு” என்று பேச்சை மாற்றுவார். இது முற்றிலும் வேறு வழக்கு. முன்னது இயந்திரக் கோளாறு, இது திருட்டு. இங்கே உட்காருங்க, தண்ணி குடிங்க என்று ஆரம்பிக்கக் கூடாது. முதல் வேலை கார்டை முடக்குவது. அவர் கத்திக்கொண்டே இருக்கட்டும், நீங்கள் முடக்குங்கள். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லவைக்க வேண்டும். வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் நடந்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் அவர் தெரிவித்துவிட்டால் அவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. அவரே ஓ.டி.பி.யை யாருக்காவது சொல்லியிருந்தால் கதை மாறும். வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையதுதான். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பல தேர்வர்கள் இந்த இரண்டு வழக்கையும் குழப்பிக்கொண்டு, திருட்டுக்கு ‘வியாழக்கிழமை வரை பொறுங்க’ என்கிறார்கள். ‘பணம் கைக்கு வரலையா, இல்ல நீங்க எடுக்கவே இல்லையா?’ என்ற ஒரு கேள்வி இரண்டையும் பிரித்துவிடும்.

அடுத்து, “மேனேஜரைக் கூப்பிடு!” இதைக் கேட்டதும் பலர் தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, ‘நானே முடிச்சுத் தர்றேன் சார்’ என்று மல்லுக்கு நிற்பார்கள். சிலர் ஓடிப்போய் மேனேஜரிடம் தள்ளிவிடுவார்கள். கூட்டிக்கொண்டு போங்கள், அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மேனேஜர் முன்னால் நீங்களே பேசுங்கள்: “சார், இவருக்குச் சனிக்கிழமை பத்தாயிரம் கழிஞ்சிருக்கு, பணம் வரல, போன்ல 24 மணி நேரம்னு தப்பாச் சொல்லியிருக்காங்க, புதன்கிழமை ஃபீஸ் கட்டணும்.” அவர் தன் கதையை மூன்றாவது முறை சொல்ல வேண்டியதில்லை. கோபத்தை மூட்டுவதில் நஷ்டத்துக்கு அடுத்த இடம் இந்தத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலைக்குத்தான். கேபினுக்குள் போவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. கவுண்டரில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும்போது யாராலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்க முடியாது.

“ரிசர்வ் வங்கிக்கே எழுதுவேன்” என்று மிரட்டினால்? சில தேர்வர்கள் கெஞ்சுவார்கள், சிலர் ‘எழுதுங்க’ என்று விறைப்பார்கள். வழியைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. இதை நீங்களே நிதானமாகச் சொன்னால், மிரட்டலுக்குப் பிடிமானம் போய்விடும். அம்மா, அக்காவைச் சேர்த்துக் கெட்ட வார்த்தை பேசினால் மட்டும் நிறுத்துங்கள். “வேலையைச் செய்யறேன் சார், இந்த வார்த்தை வேண்டாம்” என்று ஒரு முறை சொல்லலாம். தொடர்ந்தால் மேலதிகாரியிடம் விட்டுவிடலாம். எல்லாத் திட்டையும் சிரித்தபடி வாங்கிக்கொள்ளும் ஆளைக் குழு தேடவில்லை.

நடிப்பு முடிந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். “நீங்க செஞ்சதுல எதை மாத்திச் செய்வீங்க?” என்று கேட்பார்கள். ‘ஒன்றுமில்லை’ என்பது மோசமான பதில். ‘இன்னும் பொறுமையாக இருந்திருப்பேன்’ என்பது அதைவிட மோசம், யாரும் நம்பமாட்டார்கள். ‘முன்பு யாரிடம் சொன்னீர்கள் என்பதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நான் அதற்குள் விதியைச் சொல்லிவிட்டேன்’ என்பது மாதிரி இடம் சுட்டிச் சொன்னால், நடக்கும்போதே நீங்கள் உங்களைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும்.

பயிற்சிக்கு இரண்டு நண்பர்கள் போதும். ஒருவர் சீட்டு எழுத வேண்டும், மற்றவர் அதைப் பார்க்கக் கூடாது. பேசுவதைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை வாக்குறுதி கொடுத்தீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். தமிழிலும் செய்து பாருங்கள். நேர்முகம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பஸ் ஸ்டாண்டு தையல்காரர் ஆங்கிலத்தில் திட்டமாட்டார்.

முதல் சீட்டை நானே தருகிறேன். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், 78 வயது. ஜனவரி முதல் வாரம் வருகிறார். டிசம்பர் ஓய்வூதியம் கணக்கில் ஏறவில்லை. நவம்பரில் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழ் பதிவில் இல்லை. தான் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது: அவர் பேரன் ஊரில் இருந்தபோது போனில் முகத்தைக் காட்டி ‘ஜீவன் பிரமாண்’ போட்டிருக்கிறான், கடைசியில் வந்த எண்ணை யாரும் குறித்துவைக்கவில்லை. சான்றிதழ் ஏற்கப்பட்டதா, பாதியில் நின்றதா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது நீங்களும் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும், அது கோபமாகத் தெரியக் கூடாது. முன் வரிசையில் யாராவது இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள், இப்போதே செய்து பார்த்துவிடலாம்.